கையெழுத்து யாருது?

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்ட மேட்டர் இது. என் தப்பும் இதுல கொஞ்சம் இருக்கறதால எழுதக் கூச்சமா இருந்தது. இப்ப அந்தப் பொண்ணு காலேஜ்ல சேர்ந்து நல்லபடியா படிச்சிட்டிருக்கு. இனிமே எழுதினா யாருக்கும் பாதகம் இல்லை.

செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷன்ல காலையில ரயில் பிடிக்கிற கூட்டத்துல நானும் ஒருத்தன். எங்க தெருவுக்குப் பின்னாடி ஏரிக்கரையை ஒட்டி இருபது, இருபத்தஞ்சு இருளர் குடும்பங்கள் இருக்காங்க. அதுல ஒருத்தர் எங்க வீட்டுக் கிணறு தூர் வார வந்து பழக்கம். பேரு வேண்டாம், அண்ணாச்சின்னு வெச்சுக்குவோமா? இல்லை, அது தென்மாவட்ட வழக்கம். எங்க ஊர்ல 'அண்ணே'தான்.

2023 மே மாசம், ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம். அண்ணே பொண்ணைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்தார். பொண்ணு நல்ல மார்க். நர்சிங் டிப்ளமா சேரணும். காலேஜ்ல கேட்கிற காகிதம் எல்லாம் இருக்கு, சாதிச் சான்றிதழ் மட்டும் இல்லை. அண்ணே கையில ஒரு பழைய தாள், மடிச்சு மடிச்சு நாலா கிழிஞ்சு, பிளாஸ்டிக் பையில பத்திரமா இருந்தது.

"சார், இது எங்க அக்காவுது. இதே ஆபீசுக்குத்தானே போவணும்?"

வாங்கிப் பார்த்தேன். 1988ல கொடுத்தது. இந்து இருளர், பழங்குடியினர். கீழே தாசில்தார் கையெழுத்து, வட்ட முத்திரை. நான் பெரிய மேதாவி மாதிரி, "ஆமாண்ணே, சாதிச் சான்றிதழ்னா தாசில்தார் ஆபீஸ்தான். நேரா போங்க"ன்னு சொல்லிட்டேன்.

அந்த ஒரு வரிதான் அந்தப் பொண்ணுக்கு ஒரு வருஷம் போனதுக்கு முதல் காரணம்.

அண்ணே ஒரு வெள்ளைப் பேப்பர்ல மனு எழுதி, அக்கா சான்றிதழ் ஜெராக்ஸ் வெச்சு, ஒரு தாலுகா ஆபீஸ்ல கொடுத்தார். வாங்கி வெச்சுக்கிட்டாங்க. ஒப்புகைச் சீட்டு கிடையாது. அடுத்த வாரம் போனார், "நாளைக்கு வா". அதுக்கடுத்த வாரம், "சார் கேம்ப்ல இருக்கார்". ஒவ்வொரு நாளும் கூலி போச்சு. நாலாவது வாரம்தான் ஒரு கிளார்க் தலை நிமிர்ந்து பார்த்து, "எஸ்.டி.யா? இது எங்க கையில இல்லையே, ஆர்.டி.ஓ. கிட்ட போ"ன்னு சொல்லியிருக்கார். நாலு வாரம் கழிச்சு, ஒரே வரி!

அதோட முடியலை. திருவள்ளூர்ல எறங்கி ஆட்டோக்காரர் கிட்ட "ஆர்.டி.ஓ. ஆபீஸ்"னு சொல்ல, அவர் கொண்டு போய் விட்டது டிரைவிங் லைசென்ஸ் கொடுக்கிற இடத்துல! நம்ம ஊர்ல வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தையும் ஆர்.டி.ஓ. ஆபீஸ்னுதானே சொல்றோம்? அண்ணே அங்கேயும் ஒரு மணி நேரம் வரிசையில நின்னிருக்கார். சொல்லும்போது அவரே சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரலை.

சரி, மேட்டருக்கு வருவோம்.

தமிழ்நாட்டுல சாதிச் சான்றிதழ்ங்கறது ஒரே பேர்ல இருக்கிற வேற வேற காகிதம். ஆன்லைன்ல எல்லாத்துக்கும் REV-101னு ஒரே எண்தான். ஆனா கையெழுத்து ஒண்ணு இல்லை. பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு துணை தாசில்தார் நிலையிலேயே முடிஞ்சிடும். தலைமையிடத்துத் துணை வட்டாட்சியர், மண்டலத் துணை வட்டாட்சியர்னு சொல்றாங்களே, அவங்கதான். ஆதிதிராவிடர்னா தாசில்தாரே போடணும். பழங்குடியினர்னா தாசில்தாருக்கு மேல இருக்கிற வருவாய் கோட்டாட்சியர் மட்டும்தான். அவரைத்தான் ஆர்.டி.ஓ.ங்கறோம். அந்தக் கோட்டத்துல இளம் ஐ.ஏ.எஸ். அதிகாரி இருந்தா போர்டுல 'சார் ஆட்சியர் அலுவலகம்'னு இருக்கும். அதுவும் அதே ஆபீஸ்தான், அதே அதிகாரம்தான். போர்டைப் பார்த்துத் தப்பான இடம்னு திரும்பி வந்தவங்களும் உண்டு.

அப்ப அக்காவோட 1988 சான்றிதழ்ல தாசில்தார் எப்படிக் கையெழுத்துப் போட்டார்? இங்கதான் முக்கியமான ஒரு தேதி வருது. 11.11.1989 வரைக்கும் பழங்குடியினருக்கும் தாசில்தார்தான் கொடுத்துக்கிட்டிருந்தார். அதுக்கு மறுநாள்லேர்ந்து அந்த அதிகாரம் கோட்டாட்சியருக்குப் போயிடுச்சு. அந்தத் தேதிக்கு முன்னாடி தாசில்தார் கொடுத்தது செல்லும். அதுக்கு அப்புறம் தாசில்தார் கொடுத்திருந்தா, கொடுக்கப்பட்டவர் நூறு சதம் உண்மையான இருளரா இருந்தாலும் அந்தக் காகிதம் சிக்கல்தான். அவர் யாருங்கறது அங்கே கேள்வியே இல்லை, கையெழுத்துப் போட்டவருக்கு அந்த நாள்ல அதிகாரம் இருந்ததாங்கறதுதான் கேள்வி.

அதனால அண்ணனோட அக்கா சான்றிதழ் ரெண்டு வேலை செய்யுது. 'எங்க குடும்பம் இருளர்'ங்கறதுக்கு அது நல்ல ஆதாரம், 1988ங்கறதால செல்லுபடியும் ஆகும். ஆனா 'எந்த ஆபீசுக்குப் போகணும்'ங்கறதுக்கு அது தப்பான வழிகாட்டி. பழைய காகிதத்துல இருக்கிற முத்திரையைப் பார்த்துட்டு அதே ஆபீசுக்குப் போறது எல்லாரும் செய்யறதுதான். நானும் அதைத்தான் செஞ்சேன்.

ஏன் மாத்தினாங்கன்னும் சொல்லணும். பழங்குடி இல்லாத பலபேர் பழங்குடின்னு சான்றிதழ் வாங்கி வேலையில சேர்ந்தது அந்தக் காலத்துல பெரிய பிரச்சினை. காட்டுநாயக்கன், கொண்டாரெட்டி மாதிரி பேர்கள்ல வந்த வழக்குகள் கோர்ட்டுல வருஷக்கணக்கா ஓடினது நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். 1994ல சுப்ரீம் கோர்ட் மாதுரி பாட்டீல் வழக்குல, இந்தச் சான்றிதழ்களைத் தாலுகா மட்டத்துல கொடுக்காதீங்க, கோட்ட அளவுல இருக்கிற வருவாய் அதிகாரி கொடுக்கட்டும்னு வழிமுறை சொல்லுச்சு. நம்ம மாநிலம் பழங்குடியினர் விஷயத்துல அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே அதைச் செஞ்சிடுச்சு. நோக்கம் நல்லதுதான். ஆனா போலியைத் தடுக்கப் போட்ட வேலியில முதல்ல மாட்டறது ஏரிக்கரையில குடிசை போட்டிருக்கிற நிஜ இருளர்தான். அவர்கிட்ட பத்திரம் கிடையாது, அப்பா தாத்தா பள்ளிக்கூடம் போனதில்லை, மாற்றுச் சான்றிதழும் கிடையாது.

நிற்க. இன்னொரு குழப்பமும் இருக்கு. பழங்குடி சான்றிதழுக்கு விண்ணப்பிச்சா அது கோட்டாட்சியர் மேசைக்கு நேரா போயிடாது. கிராம நிர்வாக அலுவலர் பார்ப்பார், வருவாய் ஆய்வாளர் பார்ப்பார், தாசில்தார் ஆபீசும் பார்க்கும். அதனாலதான் ஜனங்க 'தாசில்தார் ஆபீஸ்ல இருக்கு'ன்னு சொல்றாங்க. அது பொய்யும் இல்லை. ஆனா விசாரிச்சு அறிக்கை அனுப்பறவர் வேற, கையெழுத்துப் போடறவர் வேற. மனுவை வாங்கற கவுண்டர் இன்னும் வேற. இந்த மூணையும் ஒண்ணுன்னு நெனச்சாதான் மாசக்கணக்கா தப்பான கதவைத் தட்டிக்கிட்டிருப்போம். 'என் ஃபைல் எங்க இருக்கு'ன்னு கேட்டா ஒரு பதில் வரும். 'இதுல கடைசியா கையெழுத்துப் போடறது யாரு'ன்னு கேட்டா வேற பதில் வரும். ரெண்டாவது கேள்வியை முதல் நாளே கேட்கணும்.

இப்ப நம்ம கதையில ரெண்டாவது அடி. இந்தத் தடவை நானே கூடப் போனேன், பரிகாரமா. இ-சேவை மையத்துல ஒழுங்கா பழங்குடியினர், இருளர்னு தேர்வு செஞ்சு பதிவு பண்ணினோம். ரசீது வந்தது. அப்பாடான்னு டீ குடிச்சோம்.

மூணு வாரத்துல நிராகரிப்பு. 'மனுதாரர் இக்கிராமத்தில் நிரந்தரமாக வசிக்கவில்லை.'

எந்தக் கிராமம்? பார்த்தா கும்மிடிப்பூண்டி தாலுகா! என்னன்னா, 2019ல அண்ணே கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒப்பந்த வேலைக்குக் குடும்பத்தோட போயிருக்கார். அங்க இருந்தப்ப ரேஷன் கார்டு விலாசத்தை மாத்தினாங்க, ஆதாரையும் மாத்தினாங்க. வேலை போனதும் செவ்வாப்பேட்டைக்கே திரும்பி வந்துட்டாங்க, விலாசம் மட்டும் அங்கேயே தங்கிடுச்சு. விண்ணப்பம் விலாசத்தைப் பிடிச்சுக்கிட்டுப் போச்சு. கும்மிடிப்பூண்டி தாலுகான்னா பொன்னேரி கோட்டம். நாங்க திருவள்ளூர் கோட்டாட்சியரை மனசுல வெச்சுக்கிட்டிருந்தோம், விண்ணப்பம் பொன்னேரிக்குப் போற வழியில கிராமத்துலயே நின்னுடுச்சு. அந்த கிராம நிர்வாக அலுவலர் மேல தப்பு சொல்ல முடியாது. அவர் போய்ப் பார்த்திருப்பார், அந்த வாடகை வீட்டுல வேற யாரோ இருந்திருப்பாங்க. சொந்தக்காரங்கன்னு சொல்லவும் அங்க ஒருத்தர் கிடையாது.

அப்பதான் எனக்கு உறைச்சது. 'தகுதியான அதிகாரி'ங்கறதுல ரெண்டு பாதி இருக்கு. ஒண்ணு பதவி, இன்னொண்ணு எல்லை. பதவி சரியா இருந்து எல்லை தப்பா இருந்தாலும் அவர் நமக்குத் தகுதியான அதிகாரி இல்லை. திருவள்ளூர் மாவட்டத்துல திருவள்ளூர், பொன்னேரி, திருத்தணின்னு மூணு வருவாய்க் கோட்டம். மூணுலயும் ஒரே பதவி, ஒரே அதிகாரம். ஆனா நமக்குக் கையெழுத்துப் போடக்கூடியவர் ஒருத்தர்தான்.

இதே மாதிரி பிறப்புச் சான்றிதழ்லயும் மாட்டறாங்க. செவ்வாப்பேட்டையில வீடு, குழந்தை பிறந்தது எழும்பூர் ஆஸ்பத்திரியில. பதிவு சென்னை மாநகராட்சியில இருக்கும், எங்க ஊர் பஞ்சாயத்துல தேடினா கிடைக்காது. பிறப்புக்குப் பிறந்த இடம் கணக்கு, சாதிச் சான்றிதழுக்கு நிரந்தரமா வசிக்கிற இடம் கணக்கு. ஒவ்வொரு காகிதத்துக்கும் எல்லையை எதை வெச்சுத் தீர்மானிக்கிறாங்கன்னு தனியா கேட்கணும்.

அப்புறம் என்ன செஞ்சோம்? ரேஷன் கார்டு, ஆதார் விலாசத்தை செவ்வாப்பேட்டைக்கு மாத்தினோம். அதுக்கே கொஞ்ச நாள் ஆச்சு. திரும்ப விண்ணப்பம். இந்தத் தடவை அக்கா சான்றிதழ் அசலை எடுத்துப் போனோம், அக்காவும் அண்ணனும் ஒரே அப்பா பிள்ளைங்கன்னு காட்ட என்னென்ன காகிதம் இருந்ததோ அதையெல்லாம் சேர்த்தோம். பொண்ணோட பள்ளி மாற்றுச் சான்றிதழ்ல 'இருளர்'னே இருந்தது நல்லதாப் போச்சு. ஊர்ல அவங்களை வில்லின்னும் கூப்பிடுவாங்க. பள்ளிக்கூடத்துல யாராவது அந்தப் பேரை எழுதி வெச்சிருந்தா இன்னொரு சுத்து சுத்தியிருப்போம். அரசுப் பட்டியல்ல என்ன பேர் இருக்கோ அதே பேர் எல்லாத் தாள்லயும் இருக்கணும்.

விசாரணைக்கு ஏரிக்கரைக்கே வந்தாங்க. பெரியவங்க கிட்ட என்ன தொழில், கல்யாணம் எப்படி, சாமி எதுன்னு கேட்டாங்க. பாம்பு பிடிக்கிறது, கன்னியம்மா வழிபாடு எல்லாம் ஒரு பாட்டி விளக்கமா சொல்லுச்சு. ஒரு மாசத்துக்குள்ள கோட்டாட்சியர் கையெழுத்தோட சான்றிதழ் வந்துடுச்சு.

ஆனா அட்மிஷன் முடிஞ்சு போச்சு. பொண்ணு ஒரு வருஷம் கம்பெனி வேலைக்குப் போயிட்டு, 2024லதான் சேர்ந்தது.

"பரவால்ல சார், வேலைக்குப் போனதுல ஃபீஸுக்குக் காசு சேந்துச்சு"ன்னு அது என்னைத் தேத்துச்சு. அதைக் கேட்டப்புறம்தான் எனக்கு இன்னும் கஷ்டமா போச்சு.

இனி என் கருத்து. இவ்வளவு நேரம் கதை சொன்னதே இதுக்காகத்தான்.

'ஜனங்களுக்கு விவரம் இல்லை'ன்னு சொல்லித் தப்பிச்சுக்க முடியாது. எனக்கு விவரம் இருந்ததா? தினம் பேப்பர் படிக்கிற எனக்கே 1989ல மாறினது தெரியலை. இதுல விவரம் மாறிக்கிட்டும் இருக்கு. நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்கள் தமிழ்நாட்டுல மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்ல இருந்தாங்க. 2022 டிசம்பர்ல நாடாளுமன்றத்துல திருத்தம் நிறைவேறி, பழங்குடியினர் பட்டியலுக்கு வந்தாங்க. அதே ஆள், அதே சாதி, அதே வீடு. ஆனா துணை தாசில்தார் போட்ட கையெழுத்து இனி கோட்டாட்சியர் போட வேண்டியது. அண்ணன்கிட்ட ஒரு ஆபீஸ் சான்றிதழ், தம்பிக்கு வேற ஆபீஸ். இதை வீட்டுல உட்கார்ந்து யார் யூகிக்க முடியும்?

ஆனா கவுண்டர்ல உட்கார்ந்திருக்கிறவருக்கு இது தினசரி வேலை. மனுவைக் கையில வாங்கினதும் முதல் வரியில 'இருளர்'னு இருக்கு. 'இது எங்க அதிகாரம் இல்லை'ன்னு சொல்ல அஞ்சு நிமிஷம் போதும். அதுக்கு நாலு வாரம் ஆச்சே, அதுதான் என் கோபம். லஞ்சம் கூட யாரும் கேட்கலைங்க. வெறும் அலட்சியம். வாங்கி வெச்சுக்கறது சுலபம், படிச்சுத் திருப்பறது வேலை.

இதுக்கு ஒரு வழி நம்ம சட்டத்துலயே இருக்கு. 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு 6(3). நீங்க தப்பான அலுவலகத்துக்கு மனு போட்டாலும், அவங்க அஞ்சு நாளைக்குள்ள சரியான அலுவலகத்துக்கு அனுப்பிட்டு, அனுப்பிட்டோம்னு உங்களுக்கும் தெரிவிக்கணும். யார் சரியான அதிகாரின்னு கண்டுபிடிக்கிற பாரத்தை அந்தச் சட்டம் அரசாங்கத்துத் தலையில வெச்சிருக்கு. தகவல் கேட்கிறவனுக்கு இந்த மரியாதை உண்டுன்னா, சான்றிதழ் கேட்கிற கூலிக்காரருக்கு ஏன் இல்லை? அனுப்பக்கூட வேண்டாம். 'இதற்குத் தகுதியான அதிகாரி இன்னார், அலுவலகம் இன்ன இடம்'னு தேதி போட்டு ஒரு துண்டுச்சீட்டு முதல் நாளே கொடுத்தா போதும். அது இருந்திருந்தா மே மாசமே நாங்க சரியான இடத்துக்குப் போயிருப்போம், ஜூன்லயே விலாசச் சிக்கல் தெரிஞ்சிருக்கும், அட்மிஷனுக்கும் நேரம் இருந்திருக்கும்.

அந்தச் சீட்டு வர்ற வரைக்கும் நாமதான் ஜாக்கிரதையா இருக்கணும். நான் இப்ப செய்யற ஒரு வேலையைச் சொல்றேன். சான்றிதழை யார் கேட்கிறாங்களோ, அவங்க விண்ணப்பப் படிவத்தோட கடைசிப் பக்கத்தை முதல்ல படிக்கிறேன். யார் கையெழுத்து செல்லும்னு பெரும்பாலும் அங்கதான் பொடி எழுத்துல இருக்கும். மத்திய அரசு தேர்வுகளோட படிவத்துல பாருங்க, எஸ்.சி., எஸ்.டி. சான்றிதழ் யார் யார் கொடுக்கலாம்னு ஒரு நீளமான பட்டியல் இருக்கும். கலெக்டர்லேர்ந்து 'தாசில்தாருக்குக் குறையாத வருவாய் அதிகாரி' வரைக்கும். அதைப் பார்த்தா தாசில்தாரே போதும்னு தோணும். அதுக்குக் கீழே ஒரு குறிப்பு: தமிழ்நாட்டைச் சேர்ந்த பழங்குடியினர் வருவாய் கோட்டாட்சியரிடமிருந்து மட்டுமே பெற வேண்டும். பட்டியலைப் படிச்சவன் மாட்டுவான், குறிப்பைப் படிச்சவன் தப்பிப்பான்.

அந்தக் குறிப்பு அத்தனை வருஷமா அங்கேயே இருந்திருக்கு. நான்தான் படிக்காம "நேரா போங்க"ன்னு வழி சொன்னேன்.

இப்ப யாராவது வந்து சார், இந்தச் சான்றிதழுக்கு எங்க போகணும்னு கேட்டா, உடனே பதில் சொல்றதில்லை. "நாளைக்குச் சொல்றேங்க"ங்கறேன். விசாரிச்சுட்டுச் சொல்றேன். ஒரு நாள் தாமதம் பரவாயில்லை, ஒரு வருஷம்தான் தாங்காது.

டிஸ்கி 1: அக்காவோட 1988 சான்றிதழை லேமினேஷன் பண்ணச் சொல்லி யோசனை சொன்னதும் நானே. நல்ல வேளை, அண்ணே கேட்கலை. அசலை லேமினேட் பண்ணினா முத்திரையைச் சரிபார்க்க முடியலைன்னு சில இடத்துல திருப்பிடுவாங்களாம்!

டிஸ்கி 2: பதிவர்கள்ல வருவாய்த் துறைக்காரங்க யாராவது இருந்தா வந்து திட்டிட்டுப் போகலாம். கவுண்டர்ல அந்தத் துண்டுச்சீட்டைக் கொடுக்க என்ன தடைன்னு மட்டும் சொல்லிட்டுத் திட்டுங்க.